பணி விலகல் கடிதம்: உயர்கல்விக்காக

அனுப்புநர்
இரா. செல்வி, பி.எஸ்சி. நர்சிங்,
மூத்த செவிலியர், மருத்துவத் தீவிர சிகிச்சைப் பிரிவு,
பணியாளர் எண் 0417.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்.
வழி: செவிலியர் கண்காணிப்பாளர் அவர்கள்.

நாள்: 02.06.2025

பொருள்: எம்.எஸ்சி. நர்சிங் படிப்பில் சேர இருப்பதால் பணியிலிருந்து விலகுதல் – 02.07.2025 பணி நேர முடிவில் விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எனது பணி நியமன ஆணை, நாள் 08.07.2019, பிரிவு 9.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எம்.எஸ்சி. நர்சிங் படிப்பில், தீவிர சிகிச்சைப் பிரிவை முதன்மையாக எடுத்துப் படிக்க எனக்கு இடம் கிடைத்துள்ளது. முழுநேரப் படிப்பு, இரண்டு ஆண்டுகள், வகுப்புகள் 14.07.2025 அன்று தொடங்குகின்றன. வேலையில் இருந்துகொண்டே படிக்க வழியில்லாததால் பணியிலிருந்து விலக முடிவு செய்துள்ளேன். நியமன ஆணைப்படி 30 நாள் முன்னறிவிப்பு நாளை முதல் கணக்காகிறது. 02.07.2025, புதன்கிழமை, எனது கடைசிப் பணி நாள்.

கணக்கில் உள்ள 11 நாள் ஈட்டிய விடுப்பை முன்னறிவிப்புக் காலத்தில் கழிக்க நான் கேட்கவில்லை. கழித்தால் பொறுப்பு ஒப்படைக்க ஆள் இருந்தும் நாள் இருக்காது. விதிப்படி அதைப் பணமாக்கித் தந்தால் போதும். ஜூன் 16 முதல் 22 வரை எனக்குப் போட்டிருக்கும் இரவு டூட்டியைப் பார்த்துவிடுகிறேன். ஆனால் 25-ஆம் தேதி முதல் காலை ஷிப்டில் போடக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டோர், நூலகம், விடுதி, கணக்குப் பிரிவு எல்லாம் பகலில்தான் திறந்திருக்கும். நிலுவையின்மைச் சான்றில் கையெழுத்து வாங்கக் கடைசி நாளில் ஓடினால் ஒன்றாவது விட்டுப்போகும்.

எனக்குப் பதிலாக வருபவரைக் குறைந்தது ஏழு ஷிப்ட், அதில் இரண்டு இரவு, என்னோடு சேர்த்துப் போட வேண்டுகிறேன். தனியாக நோயாளி கொடுக்காமல் உடன் நிற்க வைத்தால்தான் பயன். நான் பார்த்துவரும் பொறுப்புகளில் எழுத்தில் இருக்க வேண்டியவை இவை.

போதை மருந்து அலமாரியின் ஒரு சாவி என்னிடம் உள்ளது. 02.07.2025 அன்று காலை எண்ணிக்கை முடிந்ததும் பதிவேட்டில் இருவர் கையெழுத்துடன் அதை ஒப்படைப்பேன். அதற்கு ஒரு வாரம் முன்பே புதிய பொறுப்பாளரின் மாதிரிக் கையெழுத்து பார்மசிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் இண்டென்ட் திரும்பி வந்துவிடும். இன்னொன்று: 100 மைக்ரோகிராம் ஃபென்டனில் ஆம்பூலில் பாதி மட்டும் போட்டால், மீதியைக் கொட்டும்போதே சாட்சி கையெழுத்திட வேண்டும். ஷிப்ட் முடிவில் எல்லாவற்றுக்கும் மொத்தமாகக் கையெழுத்திடும் வழக்கம் அவ்வப்போது தலைகாட்டுகிறது. அப்படிச் செய்தால் கணக்கு இடித்தாலும் எந்த டோஸில் இடித்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கிராஷ் கார்ட்டில் உள்ள அட்ரினலின் ஆம்பூல்களில் ஆறு ஜூலை மாதக் காலாவதி. மாற்று இண்டென்ட் இன்றே போட்டுவிட்டேன். வந்ததும் பழையதை எடுத்துப் புதிய சீல் எண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறேன். சீல் உடையாமல் இருந்தால் உள்ளே எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறோம், ஆனால் லாரிங்கோஸ்கோப் பேட்டரி சீலுக்குள்ளேயே இறங்கிவிடும். ஆகவே மருந்து எதுவும் எடுக்காவிட்டாலும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சீலை உடைத்து, பிளேடுகளைப் பொருத்தி விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறோம். இது எந்த விதிமுறைத் தாளிலும் இல்லை, இருந்தால் நல்லது.

அடர் பொட்டாசியம் குளோரைடு 10 மி.லி. ஆம்பூல்கள் பூட்டிய சிவப்புப் பெட்டியில் மட்டுமே இருக்க வேண்டும். இப்போது வரும் ஆம்பூலும் ஊசிக்கான நீர் ஆம்பூலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. நீர்த்துச் சொட்டாக மட்டுமே ஏற்ற வேண்டியது கை தவறி நேரடியாகப் போனால் இதயம் நின்றுவிடும். ஸ்டோர் பையன் அவசரத்தில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுவது உண்டு, வாங்கும்போதே பிரித்துவிட வேண்டும்.

கருவிகளில் கவனம் வேண்டியது இன்ஃப்யூஷன் பம்ப் 4, 9 இரண்டுக்கும். கரண்டில் இருக்கும்போது குறை எதுவும் தெரியாது. ஸ்கேனுக்குக் கூட்டிப் போகப் பிளக்கைப் பிடுங்கினால் பத்து நிமிடத்தில் பேட்டரி அலாரம் அடிக்கும். நார்அட்ரினலின் ஓடும் நோயாளிக்கு அவற்றைப் போடக் கூடாது. புது பேட்டரிக்கான கோரிக்கை உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவில் நிலுவையில் உள்ளது. மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கிறேன். வென்டிலேட்டர் 2-இன் ஃப்ளோ சென்சாரைக் கழுவியபின் முழுவதும் காயவிடாமல் மாட்டினால் சுயபரிசோதனையில் தோற்கும். அது பழுதல்ல, ஈரம். சர்வீஸுக்குச் சொல்லும் முன் காய்ந்த சென்சாரை மாற்றிப் பார்க்கவும்.

புதிதாகச் சேர்ந்தவர்களில் இரண்டு சிஸ்டர்கள் இன்னும் வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாகப் பார்க்கும் நிலையில் இல்லை. ஒருவர் குழாயின் கஃப் அழுத்தத்தை இன்னும் விரலால் அழுத்திப் பார்த்தே சொல்கிறார். மானோமீட்டரில் 20 முதல் 30 செ.மீ. நீரளவுக்குள் வைக்கப் பழக வேண்டும். மற்றவர் ரத்த வாயுப் பரிசோதனைக்கு எடுக்கும்போது சிரிஞ்சில் ஹெப்பாரினை மிச்சம் விட்டுவிடுகிறார். மாதிரி நீர்த்துப்போய் கார்பன் டை ஆக்ஸைடும் பைகார்பனேட்டும் குறைவாக வரும், அதைப் பார்த்து வென்டிலேட்டரை மாற்றினால் வீண் வம்பு. இருவரின் திறன் சரிபார்ப்புத் தாள்களையும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுத்துவிடுகிறேன். இரண்டு பேரையும் ஒரே இரவு ஷிப்டில் போட வேண்டாம்.

எனது கணினி லாகினை 02.07.2025 அன்று ஷிப்ட் ஒப்படைப்பு முடிந்தபிறகே முடக்கச் சொல்ல வேண்டுகிறேன். காலையிலேயே முடக்கினால் அன்றைய குறிப்புகள் கையெழுத்தில்லாமல் திறந்தே கிடக்கும்.

எனக்குத் தேவையானவை: சேரும்போது ஒப்படைத்த அசல் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், செவிலியர் பதிவுச் சான்றிதழ்; பணிவிடுப்பு ஆணை; பணி அனுபவச் சான்றிதழ். கல்லூரியில் அசல் சரிபார்ப்பு 07.07.2025 அன்று என்பதால், 04.07.2025-க்குள் இவை கைக்கு வந்தால் உதவியாக இருக்கும். அனுபவச் சான்றில் ‘செவிலியராகப் பணிபுரிந்தார்’ என்று மட்டும் போட்டால் தீவிர சிகிச்சை அனுபவமாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். முழுநேரப் பணி என்பதும், பிரிவின் பெயரும், அங்கே பணிபுரிந்த தேதிகளும் (வார்டு: 08.07.2019 – 31.08.2020; தீவிர சிகிச்சை: 01.09.2020 முதல் 02.07.2025 வரை) தனித்தனியே இருக்க வேண்டும். இனிஷியல் பட்டச் சான்றிதழில் உள்ளபடியே ‘இரா.’ என வரட்டும். சம்பளப் பட்டியலில் அது வேறுவிதமாக ஏறியிருக்கிறது. இரவுப் பணிப்படி ஒரு மாதம் தள்ளி வருவதால் மே, ஜூன் இரண்டுக்கும் இறுதிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

வார்டிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிப் பயிற்சி கொடுத்ததற்கும், நுழைவுத் தேர்வு நாளில் டூட்டியை மாற்றித் தந்ததற்கும் தங்களுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் என் நன்றி. விடுபட்டபிறகும் ஒப்படைப்பில் ஏதேனும் சந்தேகம் என்றால் பிரிவிலிருந்து தொலைபேசியில் கேட்கலாம். வகுப்பு நேரம் போக, மாலை ஐந்து மணிக்குமேல் பேச முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. செல்வி

இணைப்பு: கல்லூரிச் சேர்க்கை ஆணை நகல், கருவிகள், சாவிகள் ஒப்படைப்புப் பட்டியல்.
நகல்: மனிதவளப் பிரிவு, இன்சார்ஜ் சிஸ்டர், மருத்துவத் தீவிர சிகிச்சைப் பிரிவு.