இறைச்சிச் சமையல் கோட்பாட்டுத் தேர்வு: ஈர வெப்பம், உலர் வெப்பம், பிரேசிங்

இரண்டாம் பருவம். நேரம்: 1 மணி. மொத்த மதிப்பெண்கள்: 30.

தேர்வு எழுதுவோருக்கு: மூன்று வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும். வரையறையை ஒப்பித்தால் பாதி மதிப்பெண்தான். அடுப்பில் நடப்பதைக் காரணத்தோடு சொன்னால் முழு மதிப்பெண். வெப்பநிலையை எழுதும்போது அது இறைச்சியின் உட்பகுதிக்கா, பாத்திரத்திலுள்ள குழம்புக்கா, அவனின் காற்றுக்கா என்று குறிப்பிடுங்கள். அதைச் சொல்லாத எண் கணக்கில் சேராது.

வினா 1 (4 மதிப்பெண்)
எண்ணெயில் முக்கிப் பொரிப்பதில் பொருள் முழுவதும் திரவத்தில்தான் மூழ்கிக் கிடக்கிறது. ஆனாலும் அதை உலர் வெப்ப முறையில் சேர்க்கிறோம். ஏன்?

வினா 2 (6 மதிப்பெண்)
180 டிகிரி செல்சியஸ் அவனுக்குள் கையை நீட்டி, சுவர்களைத் தொடாமல் ஓரிரு நொடி வைத்திருக்க முடிகிறது. 100 டிகிரி நீராவியில் கை பட்டவுடன் வெந்துவிடுகிறது. காரணத்தை விளக்கி, ஈர வெப்பத்தில் இறைச்சி ஏன் பொன்னிறமாவதில்லை என்பதையும் எழுதுக.

வினா 3 (20 மதிப்பெண்)
பயிற்சிச் சமையலறையில் முற்றிய ஆட்டின் முன்கால் கறி, எலும்போடு, மூன்று அணிகளுக்குப் பகிர்ந்து தரப்பட்டது. முதல் அணி கிரில்லில் சுட்டு, உட்பகுதி 72 டிகிரியை எட்டியதும் எடுத்தது. மற்ற இரு அணிகளும் கறியை நெய்யில் சிவக்க வறுத்து, வெங்காயம், தக்காளி, எலும்புச் சாறு சேர்த்து, கறியின் பாதி உயரத்துக்குத் திரவம் விட்டு, மூடி, 150 டிகிரி அவனில் வைத்தன. இரண்டாம் அணி 50 நிமிடத்தில் எடுத்தது. அப்போது உட்பகுதி 88 டிகிரி. மூன்றாம் அணி இரண்டரை மணி நேரம் விட்டது. முதல் இரண்டு கறியும் மெல்ல முடியவில்லை. மூன்றாவது, கரண்டி பட்டதும் எலும்பை விட்டு விலகியது. மிஞ்சிய குழம்பு மறுநாள் குளிர்பெட்டியில் கட்டியாக உறைந்திருந்தது. எடை போட்டதில் அதிக நீரை இழந்ததும் மூன்றாவதுதான்.

அ) இரண்டாம் அணியின் கறி 88 டிகிரியை எட்டியும் ஏன் கடினமாக இருந்தது? (8)
ஆ) அதிக நீரை இழந்த கறி வாயில் ஏன் சாறுள்ளதாகத் தெரிகிறது? (6)
இ) மூன்று அணிக்கும் டெண்டர்லாயின் தந்திருந்தால் எது வென்றிருக்கும்? (3)
ஈ) “முதலில் வறுப்பது சாற்றை உள்ளே பூட்டிவைக்கத்தான்.” இக்கூற்றை மதிப்பிடுக. (3)

திருத்துவோருக்கு

வினா 1: எண்ணெய் நீரல்ல. 170, 180 டிகிரி வரை சூடேறி, பொருளின் மேற்பரப்பு நீரை விரட்டிக் காய வைக்கிறது என்ற கருத்து இருந்தால் போதும்.

வினா 2: ஆவி தோலில் பட்டு நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை மொத்தமாகக் கொட்டுகிறது, காற்று வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். சாதாரண அழுத்தத்தில் நீர் 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறம் தரும் மெயிலார்டு வினை வேகம் பிடிப்பது ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல், அதுவும் காய்ந்த மேற்பரப்பில்.

வினா 3 (அ)-வில்தான் மாணவர் புரிந்துகொண்டிருக்கிறாரா என்று தெரியும், நிதானமாகப் படியுங்கள். ஓடியாடும் தசையில் கொலாஜன் அதிகம். அது மூன்று இழைகள் முறுக்கிய புரி. ஆடு முற்ற முற்ற இழைகளுக்கிடையிலான பிணைப்பு இறுகுகிறது. 60 முதல் 65 டிகிரியில் கொலாஜன் சுருங்கித் தசையைப் பிழிகிறது. அதே வேளையில் தசைப் புரதங்களும் இறுகி நீரை வெளியேற்றுகின்றன. இந்தக் கட்டத்தில் கறி முன்பைவிடக் கடினமாகும். புரி அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரைவதற்கு வெப்பத்தோடு நேரமும் வேண்டும். முதல் அணிக்கு இரண்டும் போதவில்லை. இரண்டாம் அணிக்கு வெப்பம் இருந்தது, நேரம் இல்லை. “இன்னும் அதிகச் சூடு வேண்டும்” என்று மட்டும் எழுதியவருக்கு 2 மதிப்பெண்ணுக்கு மேல் வேண்டாம். தீயைக் கூட்டிக் கொதிக்க விட்டால் தசைநார்கள் மேலும் வறண்டு உதிரும்.

(ஆ) கரைந்த ஜெலட்டின் வறண்ட தசைநார்களுக்கு இடையில் வழவழப்பாகப் படிகிறது. உறைந்த குழம்பைச் சான்றாகக் காட்டியவருக்கு முழு மதிப்பெண். (இ) டெண்டர்லாயினில் கொலாஜன் மிகக் குறைவு. உலர் வெப்பத்தில் குறுகிய நேரமே பொருத்தம், ஆகவே முதல் அணி. (ஈ) கூற்று தவறு. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக்கின் பெயரால் பரவிய இக்கருத்து சோதனைகளில் நிற்கவில்லை. வறுப்பது நிறத்துக்கும் மணத்துக்கும்தான். பிரேசிங் உலர் வெப்பத்தில் தொடங்கி ஈர வெப்பத்தில் முடியும் கலப்பு முறை என்று சேர்த்து எழுதியவருக்கு இங்கே 1 மதிப்பெண் ஒதுக்குங்கள்.

யாராவது பிரஷர் குக்கரைக் குறிப்பிட்டு, அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை போவதால் கொலாஜன் விரைவில் கரையும் என்று (அ)-வில் எழுதினால், பாடத்தில் இல்லை என்று அடிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.