நெஞ்சுப் படம் பற்றி அம்மாவுக்கு

தோஹா
2025 மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். மாமா ஏதோ அரைகுறையாய்ச் சொல்லி நீங்கள் இரண்டு நாளாய்ச் சாப்பிடேல்லையாம். தங்கச்சி இதை ஆறுதலாய் வாசிச்சுக் காட்டட்டும்.

விசாவுக்கு நெஞ்சுப் படம் எடுப்பினம், சயரோகம் இருக்கோ எண்டு பார்க்க. என்ரை படத்திலை வலப்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. சட்டைப் பொத்தானோ சங்கிலியோ எண்டு நினைச்சு, எல்லாத்தையும் கழட்டி இன்னொருக்கா எடுத்தினம். அதே இடத்திலை அதே புள்ளி.

சயரோகம் எண்டால் பஞ்சு பிச்சுப் போட்டமாதிரி மங்கலாய்த் தெரியுமாம். இது விலா எலும்பைவிட வெள்ளை, ஓரம் கூர். அப்பிடித் தெரியிறது உலோகம். முன்னாலை எடுத்த படம் ஆழத்தைக் காட்டாது எண்டு பக்கவாட்டிலையும் எடுத்து, பிறகு சி.ரி. ஸ்கானும் செய்தவை. எட்டு மில்லிமீற்றர், புளியங்கொட்டையிலை பாதி. தோள்பட்டை எலும்புக்குக் கீழை, முதுகுத் தசைக்குள்ளை இருக்கு. நுரையீரலிலை இல்லை, இருதயத்துக்குக் கிட்டவும் இல்லை.

அது 2009இலை சண்டையிலை பட்ட செல்குண்டுத் துண்டு அம்மா. முதுகிலை மேல்காயம் எண்டு நீங்கள் உப்புத்தண்ணியாலை கழுவிக் கட்டினீங்களே, அதுக்குள்ளை இருந்திருக்கு. உங்களாலை கண்டுபிடிச்சிருக்க ஏலாது. வாய் சின்னன், தோல் மூடீட்டுது. அதை நினைச்சு அழாதேங்கோ. கொழும்பிலை மெடிக்கல் எடுத்தபோதும் இது விழுந்திருக்கும்; நுரையீரல் சுத்தம் எண்டு பாஸ் போட்டு விட்டிருப்பினம்.

வெட்டி எடுக்கத் தேவையில்லை எண்டு டொக்டர் சொன்னவர். இவ்வளவு வருசத்திலை உடம்பே அதைச் சுத்தித் தழும்புச் சதை கட்டிப்போட்டுது. தேடி வெட்டினால்தான் நல்ல தசை பழுதாகும். அந்த இடம் வீங்கினால், சிவந்தால், சீழ் வைச்சால், காய்ச்சலோடை நொந்தால் உடனை காட்டவேணும். இப்ப அப்பிடி ஒண்டும் இல்லை. மூட்டை தூக்கேக்கை நோகிறதில்லை. விசாவும் அடிச்சாச்சு.

ஒரேயொரு கவனம்: எம்.ஆர்.ஐ. எண்ட காந்த ஸ்கான். இரும்புத் துண்டெண்டால் காந்தம் இழுத்து அசைக்கும், சூடாக்கவும் கூடும். அக்காவின்ரை காலிலையும் துண்டு இருக்கு எல்லோ. கிளிநொச்சியிலையோ யாழ்ப்பாணத்திலையோ ஆரும் அந்த ஸ்கானுக்கு எழுதினால், படுக்க முதல் சொல்லவேணும் எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ. அவ இப்ப ஏழு மாதம், அதாலை துண்டைப் பார்க்கவெண்டு எக்ஸ்ரே எடுக்க ஓடவேண்டாம். பிள்ளை பிறந்த பிறகு பார்க்கலாம்.

தகரப்பெட்டியிலை, காணி உறுதிக்குக் கீழை, செட்டிகுளம் முகாமிலை தந்த என்ரை மருந்துத் துண்டு இருக்கவேணும். மடிப்புக் கிழிஞ்சிருக்கும், மெதுவாய் விரியுங்கோ. தங்கச்சி படம் எடுத்து வாட்ஸ்அப்பிலை அனுப்பட்டும். இஞ்சத்தைய கோப்பிலை வைக்கக் கேட்டவை.

வெள்ளிக்கிழமை லீவு. இஞ்சை அஞ்சு மணிக்கு எடுப்பன், உங்களுக்கு ஏழரை. சாப்பிட்டிட்டு இருங்கோ.

உங்கள் மகன்
தீபன்