நந்தினிக்கான பரிந்துரைக் கடிதம்

கொழிஞ்சாம்பாறை,
பாலக்காடு மாவட்டம்,
2.6.2025.

பெறுநர்:
கல்லூரி முதல்வர் மற்றும் உதவித்தொகைத் தேர்வுக் குழுவினர்,
கோயம்புத்தூர்.

பொருள்: பி.எஸ்சி. வேதியியல் சேர்க்கை, விடுதிக் கட்டண உதவி – மாணவி பொ. நந்தினி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நந்தினி எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் 2023 முதல் 2025 வரை பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்தவர். இரண்டு ஆண்டும் இவருக்கு வேதியியல் எடுத்தவள் நான். பிளஸ் டூவில் வகுப்பாசிரியையும் நானே. வகுப்புக் குறிப்பேட்டில் இவரைப் பற்றி அவ்வப்போது குறித்து வைத்தவற்றைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் குறிப்பு, 2023 ஓணப் பரீட்சை முடிந்த நேரத்தது: "வேதியியலில் மிகக் குறைவு. கணக்கு சரி, கேள்வியே புரியவில்லை." பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு, பிளஸ் ஒன்னில் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், சுற்றிலும் பேச்சு மலையாளத்தில் இருக்கும். சிலர் அப்போதே பாடப்பிரிவு மாற்றிக் கேட்பார்கள். நந்தினி இருநூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கி மூன்று பத்தியாகக் கோடு போட்டார். வினையூக்கி, உல்ப்ரேரகம், கேட்டலிஸ்ட் என்று ஒவ்வொரு சொல்லும் மூன்று மொழியிலும் அதில் ஏறியது. புரியாத சொல்லுக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி. என்னிடம் கேட்டுத் தெளிந்ததும் அதை அழித்துவிடுவார். இன்று அந்த நோட்டின் நகல்தான் பிளஸ் ஒன் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. மார்ச் 2025 தேர்வில் இவர் பெற்றது 1200க்கு 1131. ஆங்கிலம் தவிர மற்ற ஐந்து பாடங்களிலும் ஏ பிளஸ்.

மதிப்பெண்ணை விட நான் முக்கியமாக நினைப்பது வேறு. எங்கள் சித்தூர் பகுதி மழை குறைந்தது, போர்வெல் தண்ணீர் உப்புத் தட்டும். கேரளப் பள்ளி அறிவியல் விழாவான சாஸ்த்ரோத்ஸவத்துக்காக நந்தினியும் இன்னொரு மாணவியும் ஊர்க் கிணறுகளின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கரைசலால் அளந்தார்கள். 50 மி.லி. தண்ணீர்; சிவப்பு நீலமாகும் துளியில் பியூரெட்டை நிறுத்த வேண்டும். ஒரே போர்வெல்லுக்கு இரண்டு முறை 24.6 மி.லி. வந்தது, மூன்றாவது பாட்டிலில் 19.8. உடன் இருந்தவர் அதை விட்டுவிடலாம் என்றார். நந்தினி சம்மதிக்கவில்லை. மறுநாள் அந்த வீட்டுக்கே போய் விசாரித்தார். அந்தப் பாட்டில் மட்டும் மேல்தொட்டியிலிருந்து பிடித்தது, தொட்டியில் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரும் கலந்திருந்தது. அதை அப்படியே அறிக்கையில் எழுதி, புதிதாகத் தண்ணீர் பிடித்து மீண்டும் அளந்தார். லிட்டருக்கு 492 மில்லிகிராம் என்ற முடிவு இந்திய தர நிர்ணயத்தின் ஏற்கத்தக்க அளவான 200ஐ விட மிக அதிகம், வேறு நீர் இல்லாதபோது அனுமதிக்கப்படும் 600க்கு உட்பட்டது என்று இரண்டையும் சேர்த்தே அந்த வீட்டாரிடம் சொன்னார், பயமுறுத்தவில்லை. துணை மாவட்ட அளவில் அந்தப் பணிக்கு முதலிடம், மாவட்டத்தில் ஏ கிரேடு. பதினெட்டு வருடமாக ஆய்வகத்தில் நிற்கிறேன்; பொருந்தாத அளவை மறைக்காத பிள்ளையை அடிக்கடி பார்ப்பதில்லை.

பள்ளிக் கலைவிழாவான கலோத்ஸவத்தில் தமிழ்ச் செய்யுள் ஒப்புவித்தலிலும் மாவட்ட அளவில் ஏ கிரேடு பெற்றிருக்கிறார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் உடனே பேச வராது. நேர்முகத்தில் கேள்வி கேட்டதும் சற்று மௌனமாக இருப்பார். தெரியாமல் அல்ல, சொல்லைச் சரியாகத் தேடுகிறார். அரை நிமிடம் கொடுத்தால் முழுப் பதில் வரும். எழுத்தில் அந்தத் தயக்கம் இல்லை.

அப்பா தென்னை ஏறுபவர், அம்மா தொழிலுறுதி என்னும் நூறு நாள் வேலைக்குப் போகிறார். காலையில் பால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத்தான் நந்தினி பள்ளிக்கு வருவார். இரண்டு ஆண்டில் தாமதம் என்று நான் குறித்தது நான்கே நாள். தமிழ்நாட்டு அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைப்பது அங்கே அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு. தமிழில் படித்திருந்தும், எல்லைக்கு இந்தப் பக்கம் படித்ததால் இவருக்கு அது இல்லை. வீட்டார் கல்லூரிக் கட்டணத்தைப் புரட்டிவிட்டார்கள். விடுதிக் கட்டணம்தான் மீதம். அதற்கு முழு உதவியும் கிடைக்கத் தகுதியானவர் என்று எந்தத் தயக்கமும் இன்றிப் பரிந்துரைக்கிறேன்.

மதிப்பெண் பட்டியலின் நகலும் நீர் ஆய்வு அறிக்கையும் இணைத்துள்ளேன். அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் அந்த 19.8 இருக்கிறது, அதைப் பற்றி அவரிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வராணி,
வேதியியல் ஆசிரியை, மேல்நிலைப் பிரிவு.