ஆஃபர் பற்றிய என் முடிவு

வணக்கம் மேடம்,

நேற்று சாயங்காலம் நீங்கள் இரண்டு முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை, மன்னிக்கவும். மீட்டிங்கில் இருந்தேன் என்று சொல்லிச் சமாளிக்கலாம், ஆனால் அது உண்மையில்லை. அப்போது நானே முடிவுக்கு வந்திருக்கவில்லை, அரைகுறையாக ஏதாவது சொல்லி உங்களையும் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்போது தெளிவாகிவிட்டது: இப்போதிருக்கும் வேலையிலேயே தொடர்கிறேன், நீங்கள் வாங்கித் தந்த சீனியர் டேட்டா இன்ஜினியர் ஆஃபரை ஏற்கவில்லை.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை ராஜினாமா மெயில் அனுப்பினேன், அன்றைக்கே மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார், நீங்கள் தந்த அதே சம்பளத்துக்குத் திருத்திய கடிதம் திங்கட்கிழமை கைக்கு வந்தது. சம்பளம் மட்டும் என்றால் நான் இருந்திருக்க மாட்டேன். இரவு நேர சப்போர்ட்டிலிருந்து விடுவித்து, ஒரு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த டேட்டா டீமுக்கு மாற்றியிருக்கிறார்கள், அதையும் எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். நான் வெளியே தேட ஆரம்பித்ததே அந்த இரவு வேலையால்தான் என்று முதல் போனிலேயே உங்களிடம் சொன்னது நினைவிருக்கும்.

சம்பளத்தை ஏற்றிக்கொள்ள உங்கள் ஆஃபரைப் பயன்படுத்திக்கொண்டேன் என்று தோன்றினால் உங்களைக் குறை சொல்ல முடியாது, வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் போகிற எண்ணத்தோடுதான் மூன்று ரவுண்டும் உட்கார்ந்தேன். முதலில் வந்த தொகை போதாது என்றபோது நீங்கள் திரும்பப் போய்ப் பேசி ஏற்றி வாங்கித் தந்தீர்கள், அவ்வளவு மெனக்கெட்ட பிறகு இப்படிச் சொல்வது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இன்னும் கையெழுத்துப் போடாததால் அடுத்த இடத்தில் இருப்பவரை உடனே கூப்பிட உங்களுக்கு வழி இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் வாரக் கடைசி வரை இழுக்காமல் இன்றைக்கே எழுதுகிறேன். தொகையை இன்னும் ஏற்றிக் கேட்க வேண்டாம், அதற்காக இதை எழுதவில்லை. கடைசி ரவுண்டில் பேசிய டீம் லீடுக்கு நானே இரண்டு வரி நன்றி எழுதலாமா, அல்லது உங்கள் வழியாகப் போவதுதான் முறையா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். அவரோடு பேசிய அந்த ஒரு மணி நேரம் இன்டர்வியூ மாதிரியே இல்லை, அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்றிருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. என்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் இதே மாதிரி வேலை தேடிக்கொண்டிருக்கிறார், பைப்லைன் வேலையில் என்னைவிடக் கை தேர்ந்தவர். அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். நீங்களும் சரி என்றால் அவருடைய ரெஸ்யூமை இன்றே அனுப்புகிறேன்.

என் ப்ரொஃபைலை இப்போதைக்கு வேறு எங்கும் அனுப்ப வேண்டாம். புது டீமில் குறைந்தது ஒரு வருஷமாவது இருந்து பார்க்கப்போகிறேன். அதற்கப்புறம் வெளியே பார்க்கிற நிலை வந்தால் முதலில் உங்களுக்குத்தான் போன் செய்வேன், அப்போது நீங்கள் எடுக்காவிட்டாலும் தப்பாக நினைக்க மாட்டேன்!

இன்று மதியம் மூன்று மணிக்கு மேல் ஃப்ரீயாக இருப்பேன். பேச வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், கட்டாயம் எடுக்கிறேன்.

நன்றியுடன்,
சீனியர் டேட்டா இன்ஜினியர் பணிக்கு உங்களிடம் விண்ணப்பித்தவன்