முனைவர் பட்ட ஆய்வுச் சேர்க்கைக்கான பரிந்துரைக் கடிதம்

அனுப்புநர்
முனைவர் இரா. மதியழகன்,
இணைப் பேராசிரியர், இயற்பியல் துறை,
மதுரை.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
முனைவர் பட்டச் சேர்க்கைக் குழு,
இந்தியத் தொழில்நுட்பக் கழகம், சென்னை.

பொருள்: குவாண்டம் கணினியியல் ஆய்வுக்கு விண்ணப்பித்துள்ள செல்வி வெ. கயல்விழி குறித்த பரிந்துரை.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் துறையில் முதுநிலை இயற்பியல் பயின்ற செல்வி கயல்விழிக்குக் குவாண்டம் இயக்கவியல் கற்பித்ததோடு, அவரது இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு நெறியாளராகவும் இருந்தேன். அவரைத் தங்கள் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

குவாண்டம் பிழைத்திருத்தத்தில் பயன்படும் பரப்புக் குறியீட்டை ஸ்டிம் மென்பொருளில் உருவகப்படுத்தி, தொலைவு 3, தொலைவு 5 ஆகியவற்றின் தருக்கப் பிழை வீதங்களை ஒப்பிடுவதே அவரது ஆய்வு. தொலைவு 5-இல், இயல் பிழை வீதம் சிறிதாக இருக்கும்போது தருக்கப் பிழை வீதம் அதன் மூன்றாம் அடுக்கை ஒட்டிக் குறைய வேண்டும். அவருக்குக் கிடைத்த கோடோ இரண்டாம் அடுக்கைக் காட்டியது. தொலைவு 3-ஐவிடப் பிழை குறைந்திருந்ததால் அந்த முடிவையே பலர் ஏற்றிருப்பார்கள். அவர் ஏற்கவில்லை. பிழை விளக்கியை ஐயுறுவதற்கு முன், சுற்றைத் தாளில் வரைந்து, துணைக் கியூபிட்டில் நேரும் ஒற்றைப் பிழை எந்தெந்தத் தரவுக் கியூபிட்டுகளுக்குப் பரவுகிறது என்று படிப்படியாகத் தொடர்ந்தார். சிநாட் செயல்களின் வரிசை பொருந்தாததால், அப்படிப் பரவும் இரட்டைப் பிழை தருக்கச் செயலியின் திசையிலேயே அமைந்து, குறியீட்டின் பயனுறு தொலைவை 3 ஆகக் குறைத்திருந்ததைக் கண்டறிந்தார். வரிசையை மாற்றியதும் கோடு எதிர்பார்த்த சரிவுக்கு வந்தது. கொக்கிப் பிழை என்னும் இந்த விளைவு துறையினர் அறிந்ததுதான். ஆனால் ஒரு மாணவர் அதைப் பாடமாகக் கேட்பதற்கு முன், தம் தரவின் சரிவிலிருந்தே அதன் காரணத்தை எட்டியதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

துறைக் கருத்தரங்கில், தொலைவு 5 குறியீடு தொலைவு 3-ஐச் சற்றே விஞ்சியதாகக் கூகுள் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை அவர் விளக்கினார். அந்தச் சிறு வேறுபாட்டில் அளவீட்டின் நிலையின்மைக்கு எவ்வளவு பங்கு என்ற வினாவை அவரே எழுப்பி விடை தேடியது, பிறர் முடிவுகளையும் அவர் அதே கண்டிப்புடன் படிக்கிறார் என்பதைக் காட்டியது.

மீக்கடத்திக் கியூபிட்டுகள், தாழ்வெப்பக் கருவிகள் ஆகியவற்றில் அவருக்குச் செய்முறைப் பழக்கம் இல்லை. எங்கள் துறையில் அதற்கான வசதி இல்லை என்பதே காரணம். நேரியல் இயற்கணிதத்திலும் நிகழ்தகவிலும் அவருடைய அடித்தளம் உறுதியானது. எழுதுவதில் சற்று மெதுவானவர்; எனினும் அவர் தரும் வரைவில் ஆதாரமற்ற வரி ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. என்னிடம் ஆய்வு செய்த முதுநிலை மாணவர்களுள் இவரையே முதலிடத்தில் வைப்பேன்.

கூடுதல் விவரம் தேவைப்பட்டால், குழுவினருடன் நேரிலோ தொலைபேசியிலோ பேச ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. மதியழகன்

மதுரை
12.12.2025