கயலுக்கு: இனிப்புப் பெட்டியில் இருக்கும் அட்டைகள்

அன்புள்ள கயல்,

பெட்டியைத் திறந்ததும் மைசூர்பாகு என்று ஏமாந்திருப்பாய். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெற்றுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பெரிய அட்டைகள் குடும்ப அட்டைகள். ரேஷன் கடையில் போலத்தான், ஒரு வீட்டுக்கு ஒன்று; ஒரே மாதிரி வடிவம் மாறும் வினைகள் ஒரு வீடு. சின்ன அட்டைகள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல். முன்பக்கத்தில் தமிழ்ப் பொருள் இருக்கும். பின்பக்கத்தில் நிகழ்காலம், இறந்த காலம், 'ஹேவ்' போன்றவற்றுக்குப் பின் வருவது என்ற மூன்று வடிவங்களின் ஒலியைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே ஆங்கில எழுத்துகளை அகராதி பார்த்து நீயே எழுது. சோம்பலால் விட்டேன் என்று நினைக்காதே. என் கையெழுத்தைப் பார்த்தால் உனக்கு என் கையெழுத்துத்தான் நினைவிருக்கும்.

வங்கித் தேர்வின் பிழை கண்டறியும் கேள்விகளில் மூன்றாம் வடிவம்தான் உன்னைக் கவிழ்க்கிறது என்று உன் அப்பா சொன்னான். ஆங்கிலத்தில் இப்படி ஒழுங்கு மீறும் வினைகள் சுமார் இருநூறு. அகர வரிசைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதே. நான் இரண்டு முறை அப்படிப் படித்து இரண்டு முறையும் மறந்தேன். தமிழ் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். ஆகவே என் குறிப்புகளில் இலக்கண வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்.

குடும்பம் 1: வே வெந்தது

'சோறு வேகிறது', 'சோறு வெந்தது'. வே என்ற நெடில், இறந்த காலத்தில் வெ என்று குறுகிவிட்டது. நோ நொந்தது, வா வந்தது, தா தந்தது, எல்லாம் அப்படியே. ஆங்கிலத்திலும் இந்தப் பழக்கம் உண்டு.

ஊட்டு: ஃபீட், ஃபெட், ஃபெட்
சந்தி: மீட், மெட், மெட்
வழிநடத்து: லீட், லெட், லெட்
படி: ரீட், ரெட், ரெட்
வைத்திரு: கீப், கெப்ட், கெப்ட்
தூங்கு: ஸ்லீப், ஸ்லெப்ட், ஸ்லெப்ட்
உணர்: ஃபீல், ஃபெல்ட், ஃபெல்ட்
விட்டுச் செல்: லீவ், லெஃப்ட், லெஃப்ட்

'படி' மட்டும் எழுத்தை மாற்றாமல் ஒலியை மாற்றுகிறது. 'வழிநடத்து' எழுத்தையும் மாற்றும். அதன் இறந்த காலத்தில் ஏ என்ற ஆங்கில எழுத்து விழுந்துவிடும். அதை விட்டுவைத்தால் ஈயம் என்ற உலோகம் வந்துவிடும். படித்தவர்களே தடுக்கி விழும் இடம் இது.

இந்த வீட்டுக்குள் நுழையப் பார்க்கும் ஒரு வேற்றாள், 'சாப்பிடு': ஈட், ஏட், ஈட்டன். அதற்குச் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன்.

குடும்பம் 2: இது, அது, உது

எனக்கு மிகவும் பிடித்த அட்டை. நம் சுட்டெழுத்துகள் மூன்று: அ, இ, உ. கையருகே இருப்பது 'இது'. தள்ளி இருப்பது 'அது'. இரண்டுக்கும் நடுவில் இருப்பது 'உது'. இங்கே வழக்கொழிந்தாலும் யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்னும் வாழ்கிறது. இப்போது பாடுவது கையருகே, ஆகவே ஐ என்ற எழுத்து. பாடி முடித்தது தள்ளிப் போய்விட்டது, ஆகவே ஏ. மூன்றாவதில் யூ.

பாடு: சிங், சேங், சங்
ஒலி: ரிங், ரேங், ரங்
குடி: ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க்
நீந்து: ஸ்விம், ஸ்வேம், ஸ்வம்
தொடங்கு: பிகின், பிகேன், பிகன்

மூன்றாவதை 'உ' என்று உச்சரித்துவிடாதே. எழுத்தில்தான் 'உது', வாயில் 'அ' போலவே ஒலிக்கும்.

இதே வீட்டுத் திண்ணையில் சில சோம்பேறிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் 'அது'வைத் தாண்டி நேராக 'உது'வுக்குப் போய்விடுவார்கள். தோண்டு: டிக், டக், டக். ஒட்டு: ஸ்டிக், ஸ்டக், ஸ்டக். கொட்டு (தேள் கொட்டுவது): ஸ்டிங், ஸ்டங், ஸ்டங். ஊசலாடு: ஸ்விங், ஸ்வங், ஸ்வங்.

குடும்பம் 3: மீன் வாங்கப் போனவன்

இதற்கு இலக்கணம் உதவவில்லை, கதை கட்டினேன். 'மீன் வாங்கிக் கொண்டுவர நினைத்தவன் சந்தையில் சண்டை போட்டான். பிடித்தார்கள், பாடம் கற்பித்தார்கள்.' வரிசை மாறாமல் சொல்.

வாங்கு: பை, பாட், பாட்
கொண்டுவா: ப்ரிங், ப்ராட், ப்ராட்
நினை: திங்க், தாட், தாட்
சண்டையிடு: ஃபைட், ஃபாட், ஃபாட்
பிடி: கேட்ச், காட், காட்
கற்பி: டீச், டாட், டாட்

அந்த 'ஆ' உண்மையில் ஆவுக்கும் ஓவுக்கும் நடுவான ஒலி. முதல் நால்வருக்கும் ஓ, யூ என்ற எழுத்துகள். பிடித்தவனுக்கும் கற்பித்தவனுக்கும் மட்டும் ஏ, யூ. அந்த இரண்டு சொற்களிலும் முதல் வடிவத்திலேயே ஏ இருக்கிறது, பார்த்துக்கொள். 'கொண்டுவா'வை 'பாடு' வீட்டுக்கு அனுப்பி 'ப்ரேங்' என்று எழுதுவது எல்லாரும் செய்யும் தவறு.

குடும்பம் 4: அசையாதவர்கள்

வெட்டு: கட். வை: புட். மூடு: ஷட். அடி: ஹிட். காயப்படுத்து: ஹர்ட். மூன்று வடிவமும் ஒன்றே. எல்லாம் ட் ஒலியில் முடிகின்றன; இறந்த கால ட் ஏற்கெனவே ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொள். 'அவன்' என்ற எழுவாய்க்குப் பிறகு 'கட்ஸ்' என்று வந்தால் நிகழ்காலம், வெறும் 'கட்' வந்தால் இறந்த காலம்.

குடும்பம் 5: இன்

நன்னூல் சொல்லும் இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன். பாடினான், ஓடினான் என்பவற்றில் வரும் அதே 'இன்'னை நினைத்துக்கொண்டு இந்த அட்டையைப் புரட்டு.

எழுது: ரைட், ரோட், ரிட்டன்
ஓட்டு: டிரைவ், டிரோவ், டிரிவன்
பேசு: ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன்
உடை: ப்ரேக், ப்ரோக், ப்ரோக்கன்
எடு: டேக், டுக், டேக்கன்
அறி: நோ, நியூ, நோன்

'ன்' வந்தால் அது மூன்றாவது; முன்னால் 'ஹேவ்' குடும்பத்திலிருந்து யாராவது நிற்கிறார்களா என்று பார்.

குடும்பம் 6: வீடு திரும்பியவர்கள்

வா: கம், கேம், கம். ஆகு: பிகம், பிகேம், பிகம். ஓடு: ரன், ரேன், ரன். எங்கே சுற்றினாலும் மூன்றாவதில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

குடும்பம் 7: தமிழ் எழுத்து தோற்கும் வீடு

அனுப்பு, செலவிடு, வீடு கட்டு. தமிழில் எழுதினால் 'சென்ட், சென்ட்' என்று இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்வது. தொண்டையில் விரல் வை. முதல் வடிவத்தின் கடைசி ஒலியில் அதிரும், இரண்டாவதில் அதிராது. இந்த அட்டைகளை வாய்விட்டுத்தான் படிக்க வேண்டும்.

தனி ஆள்: போ

கோ, வென்ட், கான். 'வென்ட்' உண்மையில் 'வென்ட்' என்ற வேறொரு பழைய வினையின் இறந்த காலம் (அந்தப் பழைய வினையின் முடிவில் தொண்டை அதிரும்). தத்தெடுத்த பிள்ளை. ஆகவே குடும்பமே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் 'ஐ ஹேவ் வென்ட்' என்றேன். அவர் திருத்தவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இந்த அட்டையில் 'ஹேவ்' பக்கத்தில் 'கான்' என்று மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

பெட்டியில் மூன்று அறைகள். 1972இல் ஜெர்மானியரான செபஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை இது, நான் சுருக்கிவிட்டேன். எல்லா அட்டையும் முதல் அறையில் தொடங்கும், தினமும் பார். சரியாகச் சொன்னது இரண்டாம் அறைக்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒரு முறை பார். மறுபடியும் சரியென்றால் மூன்றாம் அறை, வாரம் ஒரு முறை. தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வேண்டும். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஆங்கிலம் சொல்ல வேண்டுமே தவிர, பின்பக்கத்தை முதலில் படித்துவிட்டு 'தெரியும்' என்று தலையாட்டக் கூடாது.

இந்த வாரம் ஒன்றாம், இரண்டாம் வீடுகள் மட்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு அலைபேசியில் கூப்பிடுவேன். தமிழில் 'நீந்து' என்று மட்டும் சொல்வேன். மூன்றையும் நீ சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அத்தை