நம் பங்குப் பிரிப்பு பற்றி, அவசரமில்லாமல்

நண்பா,

நேரில் பேசினால் இருவரும் சட்டென்று "சரி, பார்த்துக்கலாம்" என்று முடித்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். கோபம் எதுவும் இல்லை.

ஆரம்பத்தில் கம்பெனியில் ஆளுக்குப் பாதி என்று வாய்வார்த்தையாகச் சொன்னோம். அப்போது இருவருமே வேலையில் இருந்தோம். நான் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. நீ இரவிலும் வார இறுதியிலும் வருகிறாய். ஆனால் முதல் வெர்ஷனின் புரோகிராம் முழுக்க நீ எழுதியது, அதை நான் மறக்கவில்லை. எனக்கு 60, உனக்கு 40 என்று தோன்றுகிறது. இது பேச்சைத் தொடங்க ஒரு எண், அவ்வளவுதான். நீ முழுநேரமாக வரும் தேதி தெரிந்தால் என் கணக்கும் மாறும்.

பிரிப்பைவிட எனக்கு முக்கியம் வெஸ்டிங், அதாவது இருக்கும் காலத்துக்கு ஏற்பப் பங்கு கொஞ்சம் கொஞ்சமாக நம்முடையதாவது. நான்கு வருடம், முதல் வருடம் கிளிஃப், அதன்பின் மாதாமாதம். என்னையே எடுத்துக்கொள்: பதினொன்றாம் மாதம் விலகினால் எனக்கு ஒன்றுமில்லை. பதினெட்டாம் மாதம் என்றால் 22.5 சதவீதம் என்னுடையது, மீதி 37.5 கம்பெனிக்கே திரும்பும். இல்லாவிட்டால் போனவர் கையில் பெரும்பங்கு இருக்க, இருப்பவர் உழைக்க வேண்டியிருக்கும். முதலீட்டாளரும் முதலில் இதைத்தான் கேட்பார்.

எனக்கே தெளிவில்லாதவை இரண்டு: கடந்த எட்டு மாதத்தை வெஸ்டிங்கில் சேர்ப்பதா? உடல்நலக் காரணத்தால் ஒருவர் விலகினால் கிளிஃபைத் தளர்த்துவதா? தளர்த்தலாம் என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் எண்ணையும், உனக்கு உறுத்துவதையும் இதற்குக் கீழேயே எழுது. அப்புறம் உட்கார்ந்து பேசி, வக்கீலிடம் போகலாம்.